வரி எங்கே முறிய வேண்டும்: பேட்டிக்குச் சப்டைட்டில் பிரித்து அடுக்கும் முறை

மட்டக்களப்புப் பக்கம் கூத்து அண்ணாவிமாரையும் பழைய விவசாயிகளையும் ஃபோனில் பேட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் கொஞ்சப்பேர் இல்லை. அதற்குச் சப்டைட்டில் போட நினைக்கிற பெரும்பாலானோர் தானியங்கிக் கருவி ஒன்றிடம் ஒலியைக் கொடுத்து ஒரு எஸ்.ஆர்.டி. ஃபைலை வாங்குகிறார்கள். சொற்பிழைகளைத் திருத்தியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் திரையில் பார்த்தால் வாசிக்க முடியாது. சொல் எல்லாம் சரி. வசனம் மட்டும் ஏறுக்குமாறான இடங்களில் அறுந்து கிடக்கும். இந்தக் கட்டுரை அந்த அறுந்த வசனங்களை எப்படிச் சேர்த்து, திரும்ப எங்கே வெட்டி, எவ்வளவு நேரம் திரையில் வைப்பது என்பது பற்றியது.

முதலில் ஃபைலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எஸ்.ஆர்.டி. ஃபைல் வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடிலேயே திறக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலக்கம், அதன் கீழே தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழே வசனம், பிறகு ஒரு வெற்று வரி இருக்கும். நேரத்தில் கடைசி மூன்று இலக்கங்கள் மில்லிசெக்கன், அதற்கு முன்னால் வருவது புள்ளி அல்ல, காற்புள்ளி. வெற்று வரியை அழித்துவிட்டால் இரண்டு துண்டுகள் ஒன்றாகிவிடும், நேரக்குறியே வசனமாகத் திரையில் தெரியும். அப்படி ஏதாவது தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெற்று வரியைத்தான்.

கருவி கொடுத்த ஒரு பகுதி இது. வயதான அண்ணாவி ஒருவரின் பேச்சு என்று வைத்துக்கொள்வோம்.

```
14
00:01:12,300 --> 00:01:15,600
அப்ப நாங்க சின்னப் பொடியன்கள் அண்ணாவியார் வந்து

15
00:01:15,600 --> 00:01:16,200
மத்தளத்த

16
00:01:16,200 --> 00:01:19,500
எடுத்து அடிச்சாரெண்டா ஊரே கூடிரும் மறுகா ஆடத்

17
00:01:19,500 --> 00:01:21,300
தெரிஞ்ச எல்லாரும் களரியில இறங்கிருவாங்க
```

சொற்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பதினைந்தாம் துண்டில் "மத்தளத்த" என்ற ஒற்றைச் சொல் அரைச் செக்கனுக்குச் சற்று மேலே மின்னி மறைகிறது. பதினாறாம் துண்டு ஒரு வசனத்தின் நடுவில் தொடங்கி அடுத்த வசனத்தின் நடுவில் முடிகிறது. "ஆடத்" என்று அந்தரத்தில் நிற்கிற சொல்லைப் பார்த்தவுடனேயே நமக்கு உறுத்த வேண்டும்.

இங்கே புதியவர்கள் துண்டு துண்டாகத் திருத்தத் தொடங்குவார்கள். "மத்தளத்த" என்பதை மேலே தூக்கிப் போடுவது, "ஆடத்" என்பதைக் கீழே இறக்குவது, பிறகு நேரத்தைத் தள்ளுவது என்று ஒன்றை நிமிர்த்தினால் அடுத்தது சாயும். அந்த வழியில் போக வேண்டாம். கருவி போட்ட பிரிவுகளை முழுதாக மறந்துவிட்டு, ஒரு பேச்சு மூச்சு முடியும்வரை எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக்குங்கள். Subtitle Edit என்ற இலவச மென்பொருளில் இந்த நான்கு துண்டுகளையும் தெரிவுசெய்து, வலது சொடுக்கில் வரும் `Merge selected lines` என்பதை அழுத்தினால் ஒன்றாகிவிடும். வேலையைத் தொடங்கும் முன் மூல ஃபைலின் பிரதி ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. படத்தின் முதல் நிமிடத்தில் ஓர் இடத்தையும் கடைசி நிமிடத்தில் ஓர் இடத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிந்தினால் முழு ஃபைலையும் அந்த அளவு முன்னே தள்ளினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். 25 ஃபிரேம் படத்துக்கும் 23.976 ஃபிரேம் படத்துக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகும். இதைச் சரிசெய்யாமல் வரி பிரிக்க உட்கார்ந்தால் பிரித்த எல்லாத் துண்டுகளுக்கும் திரும்ப நேரம் பார்க்க வேண்டியிருக்கும். பேச்சைப் பழைய பாமினி எழுத்துருவில் யாராவது தட்டச்சு செய்து தந்திருந்தால் அதையும் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

எங்கே வெட்டுவது

தமிழில் வினை கடைசியில் வருகிறது. பெயரைச் சிறப்பிக்கிற சொற்கள் எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆகவே ஒரு தொடரின் தலையான சொல் அதன் முடிவில்தான் இருக்கும். வெட்டு அந்தத் தலைச்சொல்லுக்குப் பின்னால் விழ வேண்டும், அதற்கு முன்னால் விழக்கூடாது. "ஆடத் தெரிஞ்ச" என்று ஒரு வரியை முடித்தால் பார்ப்பவரின் கண் "யார்?" என்று தொங்கிக்கொண்டு நிற்கும். "ஆடத் தெரிஞ்ச எல்லாரும்" என்று முடித்தால் ஒரு பொருள் கையில் கிடைத்துவிடும். அதேபோல "கோயிலுக்குப் பக்கத்தில" என்பதில் "கோயிலுக்குப்" என்று முறிக்க முடியாது. "சொல்லித் தந்தவர்" என்பதில் "சொல்லித்" என்று நிறுத்த முடியாது. "ஏழு இரவு" என்பதில் எண் ஒரு வரியிலும் இரவு அடுத்த வரியிலும் கிடக்கக்கூடாது. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது "எண்டு" என்பது சொன்ன பேச்சோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "நாளைக்கு வாறன் எண்டு" வரை ஒரு வரி, "சொல்லிட்டுப் போனார்" அடுத்த வரி.

நல்ல வெட்டு எங்கே விழும்? "அடிச்சாரெண்டா" போன்ற நிபந்தனை முடிகிற இடம் மிக நல்லது, ஏனென்றால் பேசுபவரே அங்கே குரலைத் தூக்கி ஒரு கணம் நிறுத்துவார். "சாப்பிட்டுப்போட்டு", "வந்திட்டு" போன்ற வினையெச்சங்களுக்குப் பின்னால் வெட்டலாம். "ஆனா", "அதால" போன்ற சொற்களுக்கு முன்னால் வெட்டலாம். நம் பக்கத்துப் பேச்சில் "மறுகா" என்பது கிட்டத்தட்ட எப்போதும் புதிய செய்தியைத் தொடங்குகிற சொல். அது ஒரு துண்டின் நடுவில் கிடந்தால் அந்தத் துண்டைத் தாராளமாக அங்கே இரண்டாக்கலாம். இதை வெளியூர்க்காரர் ஒருவர் திருத்தினால் பிழை என்று நினைத்து "மறுபடி" என்று மாற்றிவிடுவார். பேசியவர் பேசியபடியே விடுவதுதான் என் கட்சி.

இலக்கணப் பெயர்கள் ஒன்றும் நினைவில் நிற்கவில்லையென்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. வரியின் கடைசி எழுத்தைப் பாருங்கள். க், ச், த், ப் என்ற நான்கில் ஒன்றில் முடிந்தால் அநேகமாக அது பிழையான வெட்டு. "சின்னப்", "ஆடத்", "கோயிலுக்குப்", "சொல்லித்" எல்லாவற்றிலும் கடைசியில் நிற்கிற வல்லின ஒற்று அடுத்த சொல்லைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த சொல் பக்கத்திலேயே வருவதால்தான் அந்த ஒற்றே பிறந்தது. புத்தகத்தில் வரி முடிவில் இப்படி வந்தால் கண் உடனே கீழே இறங்கிவிடும், பாதகமில்லை. ஒரே துண்டின் இரண்டு வரிகளுக்கு நடுவிலும் வேறு வழியே இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் ஒருபோதும் கூடாது. அடுத்த சொல் வரும்வரை பார்ப்பவர் ஒற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். "புக்", "ஷொப்" போன்ற இரவல் சொற்கள் மட்டும் இந்தச் சோதனையில் வீணாக மாட்டும்.

எத்தனை எழுத்து

ஆங்கிலச் சப்டைட்டிலுக்கு ஒரு வரியில் 42 எழுத்துகள் என்பது பரவலான அளவு. அந்த எண்ணை அப்படியே தமிழுக்கு எடுத்தால் கணக்குப் பிழைக்கும். கணினிக்கு "க்" என்பது ஒரு எழுத்தல்ல, க ஒன்று, புள்ளி ஒன்று. "மட்டக்களப்பு" என்ற சொல் நமக்கு எட்டு எழுத்து, யூனிகோடுக் குறிகளாக எண்ணினால் பன்னிரண்டு. உங்கள் மென்பொருள் எந்தக் கணக்கில் எண்ணுகிறது என்று தெரிய இந்தச் சொல்லையே ஒரு துண்டில் தனியாகத் தட்டுங்கள். 12 என்று காட்டினால் குறிகளை எண்ணுகிறது, 8 என்று காட்டினால் எழுத்துகளை எண்ணுகிறது.

அகலப் படத்துக்கு நான் வைத்திருக்கும் எல்லை வரிக்கு 28 எழுத்து, துண்டுக்கு இரண்டு வரி. இடைவெளிகளும் நிறுத்தக்குறிகளும் அதற்குள் அடங்கும். குறிக் கணக்கில் அது ஏறக்குறைய நாற்பத்தைந்து வரும். ஆனால் எழுத்துக் கணக்கும் அகலத்தைச் சரியாகச் சொல்லாது. "ரி" ஒல்லியானது. "ணா" ஓர் எழுத்துத்தான், இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். "ணொ" மூன்று வடிவமாக விரியும். ஆகவே 28 என்பது வேலைக்கு உதவுகிற வேலி மட்டுமே, கடைசித் தீர்ப்பு திரையில்.

இப்போது நம் பேச்சுக்கு வருவோம். ஒன்றாக்கிய வசனத்தை ஒலியோடு கேட்டால் மூன்று செய்திகள் தெரிகின்றன. சின்னப் பொடியன்களாக இருந்தது ஒன்று, மத்தளம் அடித்தால் ஊர் கூடுவது ஒன்று, ஆட்டக்காரர் களரியில் இறங்குவது ஒன்று. ஆக மூன்று துண்டு. முதலாவது ஒரே வரியில் அடங்கும், 20 எழுத்து. சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. இயல்பான வெட்டு "அடிச்சாரெண்டா" என்பதற்குப் பின்னால். ஆனால் "அண்ணாவியார் வந்து மத்தளத்த எடுத்து அடிச்சாரெண்டா" என்பது 30 எழுத்து, எல்லையைத் தாண்டுகிறது.

இரண்டு வழி உண்டு. "எடுத்து" என்பதற்குப் பின்னால் வெட்டினால் 22, 16 என்று வரிகள் ஏறக்குறையச் சமமாகும், பொருளும் பெரிதாகக் கெடாது. அல்லது "வந்து" என்ற சொல்லை விட்டுவிடலாம். அதை விடலாமா என்பதைத் தாளில் பார்த்துச் சொல்ல முடியாது, காதால்தான் சொல்ல முடியும். "வந்து" என்று நீட்டி, யோசித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அது வெறும் ஊன்றுகோல், எடுத்துவிடலாம். அண்ணாவியார் களரிக்கு வந்ததைச் சொல்லியிருந்தால் கைவைக்கக்கூடாது. இங்கே அவர் நீட்டித்தான் சொல்லுகிறார். விட்டுவிட்டால் முதல் வரி 26 எழுத்து, இரண்டாவது "ஊரே கூடிரும்." என்று 8 எழுத்து. மேல் வரி நீளமாகவும் கீழ் வரி குட்டையாகவும் இருக்கிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள். `Auto br` என்ற பொத்தானும் அப்படித்தான், இரண்டு வரியையும் சமமாக்கப் பார்க்கும். நான் அழகைவிட அர்த்தத்தின் பக்கம். ஊர் கூடுகிற செய்தி தனி வரியில் வந்து விழுவது அவர் பேசிய தாளத்தோடும் ஒத்துப்போகிறது.

நேரத்தை ஒட்டவைத்தல்

வசனம் பிரிந்த பிறகுதான் நேரம். ஒலியின் அலைவடிவத்தைத் திறந்துவைத்து ஒவ்வொரு துண்டும் தொடங்கும் நேரத்தைப் பேச்சு தொடங்கும் இடத்தில் வையுங்கள். தொடக்கத்தை நகர்த்திப் பார்க்க வேண்டாம், வாய் அசையும் நேரத்தில் எழுத்து வராவிட்டால் பார்ப்பவருக்கு உடனே தெரியும். முடிவில் மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு.

நம் துண்டில் பேச்சு தொடங்குவது 1:12.300, 1:14.500, 1:18.900 என்ற இடங்களில். முதல் செய்தி 1:14.200-இல் முடிகிறது, அடுத்தது தொடங்க இடையில் 0.3 செக்கன் மூச்சு. இவ்வளவு குறுகிய இடைவெளியில் எழுத்து மறைந்து மறுபடி வந்தால் கண் சிமிட்டுவது போலிருக்கும். அரைச் செக்கனுக்குக் குறைந்த இடைவெளியை மூடி, இரண்டு ஃபிரேம் மட்டும் விடுங்கள். 25 ஃபிரேம் படத்தில் அது 80 மில்லிசெக்கன். அந்தச் சிறு இடைவெளியையும் முழுதாக அடைத்துவிட்டால் துண்டு மாறியதே தெரியாமல் போகலாம். இதை ஒவ்வொன்றாகச் செய்யத் தேவையில்லை, `Tools` பட்டியலில் `Bridge` என்று தொடங்கும் கட்டளை முழு ஃபைலுக்கும் செய்துவிடும். அதன் எல்லைகளை மட்டும் நீங்கள் கொடுத்தால் சரி.

மூன்றாவது துண்டில் அவர் வேகமாகப் பேசுகிறார். 33 எழுத்து, 1:18.900-இலிருந்து 1:21.300 வரை 2.4 செக்கன், அதாவது செக்கனுக்குக் கிட்டத்தட்ட 14 எழுத்து. நான் 12-ஐத் தாண்டவிடுவதில்லை. பிறகு அவர் சற்று நேரம் பேசாமல் இருப்பதால் முடிவை 1:22.000-க்கு இழுத்தேன். இப்போது 3.1 செக்கன், செக்கனுக்கு 11-க்கும் குறைவு. பேச்சு முடிந்த பிறகு முக்கால் செக்கன் வரை இழுப்பது உறுத்தாது. அதற்கு மேல் இழுத்தால் பேசாத முகத்தின் கீழே வசனம் கிடக்கும். இழுக்க இடமே இல்லாத வேகப் பேச்சு வந்தால் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், ஊன்றுகோல் சொற்களையும் திரும்பத் திரும்பச் சொல்வதையும் குறையுங்கள். ஒரு துண்டு ஒரு செக்கனுக்குக் கீழே போகாமலும் ஏழு செக்கனுக்கு மேலே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழைத் தாண்டினால் வாசித்து முடித்தவர் திரும்ப முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

முடிவு இது.

```
14
00:01:12,300 --> 00:01:14,420
அப்ப நாங்க சின்னப் பொடியன்கள்.

15
00:01:14,500 --> 00:01:18,820
அண்ணாவியார் மத்தளத்த எடுத்து அடிச்சாரெண்டா
ஊரே கூடிரும்.

16
00:01:18,900 --> 00:01:22,000
மறுகா ஆடத் தெரிஞ்ச எல்லாரும்
களரியில இறங்கிருவாங்க.
```

நான்கு துண்டு மூன்றாகியிருக்கிறது. இலக்கங்கள் ஒன்று குறைந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம், சேமிக்கும்போது மென்பொருள் திரும்ப வரிசைப்படுத்தும்.

இடையில் கூத்துக் காட்சி செருகப்பட்டிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகத்திலிருந்து வட்டக்களரிக்குக் காட்சி மாறிய பிறகும் பழைய வசனம் சில ஃபிரேம் மட்டும் தொங்கினால் கண் அதைப் புதிய வசனம் என்று நினைத்துத் திரும்ப வாசிக்கும். ஆகவே காட்சி மாறும் இடத்துக்கு மிக அருகில் முடிகிற துண்டைச் சரியாக அந்த மாற்றத்திலேயே முடித்துவிடுங்கள். மாற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் தாராளமாக, ஒரு செக்கனாவது தாண்டட்டும். கூத்துப் பாட்டுக்கு மேலே சொன்ன வெட்டு விதிகள் எல்லாம் தளர்ந்துவிடும். அங்கே தாளந்தான் எசமான். ஓரடிக்கு ஒரு துண்டு, அடி நீண்டால் அரையடியில் வரி முறிப்பு. ஒற்றில் முடிகிறதே என்று பார்த்துப் பாட்டின் தாளத்தைக் குலைக்க வேண்டாம்.

முழு ஃபைலையும் கண்ணால் தேடாமல் நீண்ட வரிகளையும் ஒற்றில் முடிகிற வரிகளையும் பிடிக்க இந்தச் சின்னப் பைதன் நிரல் போதும். ஃபைலின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

```python
import re, unicodedata

def letters(s):
    return sum(unicodedata.category(c)[0] != 'M' for c in s)

for n, line in enumerate(open('peddi.srt', encoding='utf-8-sig'), 1):
    line = line.strip()
    if '--> ' in line or line.isdigit():
        continue
    if letters(line) > 28 or re.search(r'[கசதப]\u0bcd$', line):
        print(n, letters(line), line)
```

இது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எண்ணுகிறது. முதலில் வருவது ஃபைலில் அந்த வரியின் இடம், அடுத்தது எழுத்து எண்ணிக்கை. கருவி கொடுத்த மூல ஃபைலில் ஓடவிட்டால் 30 எழுத்துள்ள பதினான்காம் துண்டின் வரியும் "ஆடத்" என்று முடிகிற வரியும் அகப்படும், மேலே திருத்திய மூன்று துண்டுகளில் ஒன்றும் அகப்படாது. நிரல் காட்டிய எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு திருத்த வேண்டாம், போய்ப் பார்த்து முடிவெடுங்கள்.

கடைசியாகத் திரை. கணினியில் பார்த்துத் திருப்திப்படாமல், ஃபோனைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், எழுத்தைப் பெரிதாக்கியும் பாருங்கள். ஃபைலில் இரண்டு வரி போட்ட இடத்தில் திரையில் மூன்று வரி தெரிந்தால் பிளேயர் உங்கள் வரியைத் தன் விருப்பத்துக்கு மடித்துவிட்டது. மூன்றாவதாகத் தனியே விழுந்த சொல் எது என்று பார்த்தால் எந்த வரி நீளம் என்று தெரிந்துவிடும். "ணா", "ளை", "ஞா" நிறைந்த வரிகள்தான் முதலில் மடியும், அவற்றை 24, 25 எழுத்தில் நிறுத்துங்கள். வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக நிமிர்ந்த படமாக வெட்டப்போகிறீர்கள் என்றால் இந்த ஃபைலை அப்படியே ஒட்டாதீர்கள். அங்கே ஒரு வரிக்கு 16 எழுத்து தாண்டினாலே இடிக்கும். "அண்ணாவியார் மத்தளத்த" ஒரு வரி, "எடுத்து அடிச்சாரெண்டா" ஒரு வரி, "ஊரே கூடிரும்" தனித் துண்டு என்று வேறு ஃபைலாகத்தான் பிரிக்க வேண்டும். "அண்ணாவியார் மத்தளத்த" 13 எழுத்து, "எடுத்து அடிச்சாரெண்டா" 12 எழுத்து, இரண்டும் அங்கே இடிக்காது.